மடிப்பு வாய் பிளப்பது ஏன்?

கோடை விடுமுறை முடியப் போகிறதென்றால் சேத்தியாத்தோப்பு, நெய்வேலி வட்டாரத் தையல் மெஷின்களுக்கு ஓய்வு கிடையாது. சீருடைக் காலம் அது. சட்டை கையில் வேகமாக ஓடிவிடும். நேரம் கேட்பது ஸ்கர்ட்டின் பிளீட்.

இடுப்பு 24 அங்குலம் உள்ள ஒரு சிறுமிக்கான ஸ்கர்ட்டை எடுத்துக்கொள்வோம். நைஃப் பிளீட் என்றால் எல்லா மடிப்பும் ஒரே பக்கம் சாயும். வெளியே தெரிவது 1 அங்குலம், உள்ளே மறைவது 2 அங்குலம். ஆக 24 மடிப்புக்கு 72 அங்குலத் துணி வேண்டும். மூட்டுத் தையலுக்குத் தனியாக விட வேண்டும். பாக்ஸ் பிளீட்டில் இரண்டு மடிப்புகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும். முகம் 2 அங்குலம், அதற்கடுத்து மறையும் துணி 4 அங்குலம் என்று 12 பெட்டிகள். துணிக் கணக்கு அதே 72தான்.

தவறு பிறக்கும் இடம் குறியிடுவதில். ஒவ்வொரு மடிப்பும் அரை நூல் கூடினால், 24 மடிப்பில் 12 நூல், அதாவது ஒன்றரை அங்குலம் இடுப்பு பெருத்துவிடும். முந்தைய குறியிலிருந்து அடுத்ததை அளப்பதால் வரும் வினை இது. டேப்பை ஓரத்தில் வைத்து, எடுக்காமல் 3, 6, 9 என்று குறித்துக்கொண்டே போனால் பிசகு சேராது.

மேலே மட்டும் குறித்தாலும் போதாது. முதலில் கீழ் ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டு, மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும் சாக்கால் குறிக்க வேண்டும். மூன்று புள்ளிகளும் சேரும் கோடு துணியின் பாவு நூலோடு ஓட வேண்டும். அதைவிட்டுச் சாய்ந்த மடிப்பு, எத்தனை முறை தேய்த்தாலும் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். துணியின் மூட்டு உள்மடிப்பின் ஓரத்தில் விழும்படி பார்த்தால் வெளியே தெரியாது.

அடுத்து இஸ்திரி. மடிப்புகளை இழையோட்டி நிறுத்திய பிறகே பெட்டி. டெரிகாட்டனில் நேராகச் சூடு பட்டால் பளபளப்பு ஏறும். ஈரத் துணியை மேலே விரித்துக்கொள்ள வேண்டும். பெட்டியை இழுக்கக் கூடாது, இழுத்தால் மடிப்பு நகரும். வைத்து, அழுத்தி, தூக்கி, பக்கத்தில் வைக்க வேண்டும். மடிப்புக்கு அடியில் காகிதப் பட்டை வைத்தால் உள்மடிப்பின் தடம் முகத்தில் பதியாது. துணி முழுக்க ஆறும்வரை அசைக்கக் கூடாது. சூடாக இருக்கையில் தூக்கினால் மடிப்பு தளர்ந்துவிடும். டெரிகாட்டனில் உள்ள பாலியெஸ்டர் இழை சூட்டில் படிந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும்; பருத்தியில் ஒரு சலவையோடு மடிப்பு போய்விடும்.

பட்டி வைத்துத் தைக்கும் முன் இடுப்பில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு மடிப்பு மட்டும் திரும்பினால் பாவு நூல் சாய்ந்திருக்கிறது. அதை மட்டும் பிரித்துச் சரிசெய்யலாம். போட்டுப் பார்க்கையில் எல்லாமே வாய் பிளந்தால் இடுப்புச் சுற்றைவிட இடைக்குக் கீழ்ச் சுற்று கூடுதல். துணியும் அந்தக் கணக்கில்தான் எடுத்திருக்க வேண்டும்.