ஆண்டாய்வுக்கு முந்தைய சுற்றறிக்கை

அரசுப் பள்ளியில் சுற்றறிக்கை என்பது பெரும்பாலும் ஒரு நீளமான நோட்டு. தலைமை ஆசிரியர் அதில் எழுதிக் கையொப்பமிடுவார். அலுவலக உதவியாளர் அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோவார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு, படித்து, தம் பெயருக்கு நேரே ஒப்பமிட்டுத் திருப்பித் தருவார். அந்த நோட்டில் ‘வரும் வாரம் ஆண்டாய்வு’ என்ற வரி வந்தால் போதும், அன்று மாலை ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இருக்காது.

தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் வருவார். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலரோ முதன்மைக் கல்வி அலுவலரோ, சில சமயம் ஒரு குழுவாகவோ வருவார்கள். அவர்கள் வந்து என்ன பார்ப்பார்கள் என்று தெரிந்த தலைமை ஆசிரியர் எழுதும் கடிதமும், தெரியாதவர் எழுதும் கடிதமும் முதல் பத்தியிலேயே வேறுபட்டுவிடும். ‘அனைவரும் பதிவேடுகளைத் தயார் நிலையில் வைத்திருக்கவும், வளாகம் தூய்மையாக இருக்கவும்’ என்று எழுதினால் அது யாருக்கும் இடப்பட்ட வேலை ஆகாது. எந்தப் பதிவேட்டை எதோடு ஒப்பிட வேண்டும், யார் ஒப்பிட வேண்டும், எந்த நாளுக்குள் என்ற மூன்றும் இருந்தால்தான் அது பணிப் பங்கீடு.

ஒப்பிடுவதுதான் இதில் முக்கியம். ஆய்வுக்கு வருபவர் ஒரு பதிவேட்டைத் தனியாகப் படிப்பதில்லை, ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கிறார். சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து ஏதோ ஓர் எண்ணில் விரல் வைப்பார். அந்தக் குழந்தையின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி இவை வகுப்பு வருகைப் பதிவேட்டிலும் எமிஸ் தளத்திலும் ஆதார் அட்டையிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேட்பார். சேர்க்கைப் பதிவேட்டில் 12.6.2014, எமிஸில் 6.12.2014 என்றிருந்தால் இன்று அது சின்னப் பிழை. அந்தக் குழந்தை பத்தாம் வகுப்புக்குப் போகும்போது பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் எமிஸிலிருந்துதான் உருவாகும், மதிப்பெண் சான்றிதழும் அந்தத் தேதியோடுதான் அச்சாகும். அதன்பின் திருத்தம் கேட்டு அலைய வேண்டியது பெற்றோர்தான். ஆகவே சுற்றறிக்கையில் இந்த வேலை இப்படி இருக்கலாம்: ‘ஒவ்வொரு வகுப்பாசிரியரும் தம் வகுப்பு மாணவர் விவரத்தைச் சேர்க்கைப் பதிவேட்டோடும் எமிஸோடும் ஒப்பிட்டு, வேறுபாடுகளைத் தனித்தாளில் எழுதி வியாழன் மாலைக்குள் என்னிடம் தரவும். சேர்க்கைப் பதிவேட்டில் யாரும் எதையும் அடிக்கவோ திருத்தவோ வேண்டாம்.’ கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டால் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் வெள்ளைத் திரவம் பூசிச் சரிசெய்துவிடுவார். பிறந்த தேதியைத் தகுந்த ஆதாரமும் உரிய அலுவலரின் ஆணையும் இல்லாமல் மாற்றக் கூடாது. பூசி மறைத்த பதிவு, பிழையான பதிவைவிடப் பெரிய சிக்கல்.

அடுத்தது வருகையும் சத்துணவும். ஒரு நடுநிலைப் பள்ளியை நினைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை வருகைப் பதிவேடுகளைக் கூட்டினால் 118 பேர். அன்று மதியம் உணவு உண்டவர்கள் 104 என்று சத்துணவுப் பதிவேட்டில் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சில பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள், சிலர் வீட்டுக்கே போய்ச் சாப்பிடுவார்கள். அதே பதிவேட்டில் 131 என்றிருந்தால்தான் கேள்வி வரும். பள்ளிக்கு வராத 13 பேர் எப்படிச் சாப்பிட்டார்கள்? முறைகேடாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தாமதமாக வந்த பிள்ளைகளுக்கு வருகை போடாமல் விட்டிருக்கலாம். அமைப்பாளர் தலையை எண்ணாமல், சேர்ந்திருப்போர் எண்ணிக்கையைப் பார்த்து எழுதியிருக்கலாம். எதுவானாலும் அரிசி இருப்பு அந்தக் கணக்கில்தான் நிற்கும். ஒரு குழந்தைக்கு 100 கிராம் என்று வைத்தாலே 13 பேருக்கு ஒரு நாளில் 1.3 கிலோ, இருபது வேலை நாளில் 26 கிலோ. பதிவேட்டுக் கையிருப்புக்கும் மூட்டையில் உள்ள அரிசிக்கும் இடையே அந்த வித்தியாசம் வெளியே தெரியும்.

இதைச் சரிசெய்ய ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் பழைய பக்கங்களைத் திருத்துவது வழியல்ல. காலை வருகை முடிந்ததும் வகுப்புவாரி எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதிச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பும் பொறுப்பை ஒருவருக்கு இன்றே கொடுத்துவிட வேண்டும். பழைய வேறுபாட்டை அலுவலர் கேட்டால், அது எப்படி வந்தது, எந்தத் தேதியிலிருந்து சரியானது என்று தலைமை ஆசிரியரால் நேராகச் சொல்ல முடியும். பாடக்குறிப்புக்கும் இதே நியாயம்தான். மூன்று மாதக் குறிப்பை ஒரே இரவில், ஒரே மையில் எழுதிக் குவித்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அந்த இரவை அடுத்த வாரப் பாடத்துக்குச் செலவிட்டால் பிள்ளைகளுக்காவது பயன் உண்டு.

வகுப்பறைக்குள் அலுவலர் கேட்பது மாணவர் நோட்டு. இங்கே கண்ணில் படுவது திருத்தத்தின் தரம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் 503 – 278 = 375 என்று எழுதியிருக்கிறது, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி. விடை 225. பிள்ளை தோன்றியபடி எழுதவில்லை. 3-இல் 8 போகாததால் 8-இல் 3-ஐக் கழித்து 5. 0-இல் 7 போகாததால் 7. ஐந்தில் இரண்டு போக 3. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. நடுவே பூஜ்யம் வந்தால் கடன் வாங்குவது எப்படி என்று அதற்குத் தெரியவில்லை. அந்தச் சரிக்குறி, ஆசிரியர் பக்கத்தை எண்ணினார், கணக்கைப் படிக்கவில்லை என்று காட்டிக்கொடுக்கிறது. எனவே ‘எல்லா நோட்டுகளையும் திருத்தி முடிக்கவும்’ என்ற கட்டளை ஆபத்தானது. அது சரிக்குறிகளைத்தான் பெருக்கும். ‘கடைசி ஐந்து பயிற்சிகளைப் படித்துத் திருத்தவும், தவறு செய்த பிள்ளை திருத்தி எழுதியதையும் பார்க்கவும்’ என்றால் செய்து முடிக்கக்கூடிய வேலை.

இன்னொன்றையும் அந்தக் கடிதத்தில் வெளிப்படையாகவே எழுதிவிட வேண்டும்: வாசிக்கத் திணறும் பிள்ளையை அன்று வீட்டிலிருக்கச் சொல்லக் கூடாது, வகுப்பு மாற்றி உட்காரவைக்கவும் கூடாது. யாரும் சொல்லாமலே இது நடந்துவிடுகிறது. யாருக்காக ஆய்வு நடக்கிறதோ அந்தப் பிள்ளையையே மறைப்பது கொடுமை.

கட்டடப் பாதுகாப்பைச் சுண்ணாம்பு அடிப்பதோடு சேர்த்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கொட்டகைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் இறந்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்க அரசு உத்தரவிட்டது. இந்த வேலையை ஒரே ஆசிரியரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்து, கையில் ஒரு தாளோடு வளாகத்தைச் சுற்றிவரச் சொல்ல வேண்டும்: விரிசல் விட்ட சுவர், சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரியும் கூரை, மூடியில்லாத தொட்டி, வெளியே தொங்கும் மின்கம்பி, பூட்டிக் கிடக்கும் இரண்டாவது வாசல். பள்ளியால் சரிசெய்ய முடிந்ததை உடனே செய்யலாம். முடியாததை மறைக்காமல் எழுதி வைத்திருந்து, நிதி கேட்டு முன்பே அனுப்பிய கடிதத்தின் நகலோடு அலுவலரிடம் கொடுக்க வேண்டும். வண்ணம் பூசி விரிசலை மூடிவிட்டால், நிதி கேட்கக் கிடைத்த நல்ல வாய்ப்பைப் பள்ளியே கெடுத்துக்கொள்கிறது.

ஆய்வு நாளுக்கென ஒரு பணி மட்டும் பெரும்பாலான சுற்றறிக்கைகளில் விட்டுப்போகிறது. அலுவலர் நடந்துகொண்டே வாய்மொழியாக நிறையச் சொல்வார். ஆய்வறிக்கை எழுத்தில் வரச் சில நாட்கள் ஆகலாம், அதற்குள் பாதி மறந்துபோகும். கூடவே போய் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ள ஓர் ஆசிரியரை நியமித்து, அவருடைய வகுப்பை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும். குறைகள் களையப்பட்டன என்று பள்ளி பிறகு அனுப்ப வேண்டிய அறிக்கைக்கு அந்தக் குறிப்புதான் அடிப்படை.