ஒரே எம் சைஸ்... ஒன்று மட்டும் ஏன் இறுக்குகிறது?

ஒரே கம்பெனி, ஒரே டிசைன், ஒரே எம் சைஸ். நீலத்தில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக இரண்டு டி-ஷர்ட் வாங்குகிறீர்கள். நீலம் கச்சிதமாக இருக்கிறது. கறுப்பு மட்டும் மார்பில் கொஞ்சம் பிடிக்கிறது. 'லேபிளை மாற்றித் தைத்துவிட்டார்களோ' என்றுதான் முதலில் சந்தேகம் வரும்.

பெரும்பாலும் அப்படி இல்லை. இரண்டுமே சரியான எம் சைஸ்தான். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதைத் துணியை வெட்டுவதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இதை 'டாலரன்ஸ்' என்கிறார்கள்.

முதலில் ஒரே ஒரு சட்டை

ஆர்டர் கொடுக்கும் பையர், டிசைனோடு ஓர் அளவுப் பட்டியலையும் அனுப்புவார். மார்பு, உயரம், தோள், கழுத்து, கை நீளம் என ஒவ்வோர் இடத்துக்கும் அதில் ஓர் அளவு இருக்கும். அதை வைத்து பேட்டர்ன் மாஸ்டர் காகிதத்தில் அச்சு எடுப்பார். அனுபவமுள்ள சாம்பிள் டெய்லர் ஒருவர், வழக்கமாக நடு சைஸில், முதல் சட்டையைத் தைப்பார். இதுதான் ஃபிட் சாம்பிள்.

பையரின் ஆட்கள் இதை ஒரு மாடலுக்கோ பொம்மைக்கோ போட்டுப் பார்ப்பார்கள். 'கையைத் தூக்கினால் அக்குள் இழுக்கிறது', 'முன்கழுத்தை ஒரு சென்டிமீட்டர் இறக்குங்கள்' என்று குறிப்பு வரும். அச்சைத் திருத்தி மறுபடியும் தைப்பார்கள். ஃபிட் சரி என்றானதும் மற்ற சைஸ்களையும் தைத்துக் காட்ட வேண்டும். கடைசியாக, ஆர்டருக்கான அதே துணி, அதே நூல், அதே லேபிளோடு ஒரு சாம்பிள் போகும். அதை ஒப்புக்கொண்டு பையர் சீல் வைத்துவிட்டால், தையல் லைனில் எல்லோருக்கும் அதுதான் வழிகாட்டி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபிட் சாம்பிளை ஒருவர் நிதானமாக, ஒற்றைத் துணியில் வெட்டித் தைக்கிறார். ஆர்டரிலோ துணியைப் பல அடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். பல கைகள் மாறித்தான் சட்டை முழுதாகிறது. அதனால் சாம்பிளின் அளவு ஆயிரக்கணக்கான சட்டைகளிலும் அப்படியே வராது. எவ்வளவு விலகினால் ஏற்றுக்கொள்ளலாம் என்பதைச் சொல்வதுதான் டாலரன்ஸ்.

ஒரு சென்டிமீட்டர் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். டி-ஷர்ட்டைச் சுருக்கமில்லாமல், இழுக்காமல் மேஜையில் விரித்து, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை டேப் வைத்தால் கிடைப்பது பாதி மார்பளவு. எம் சைஸுக்கு அது 52 சென்டிமீட்டர், எல் சைஸுக்கு 55 என்று வைத்துக்கொள்வோம். டாலரன்ஸ் கூட ஒன்று, குறைய ஒன்று.

அப்படியானால் 51 முதல் 53 வரை எல்லாமே எம். அந்த நீலம் 53-ஆகவும் கறுப்பு 51-ஆகவும் இருந்தால் இரண்டும் பாஸ்தான். விரித்து அளந்ததில் வித்தியாசம் 2 சென்டிமீட்டர். உடலைச் சுற்றி எடுத்தால் 4. போட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அப்படியென்றால் டாலரன்ஸை இன்னும் தாராளமாக வைத்தால் என்ன ஆகும்? ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்தால், பெரிய எம் 53.5 வரை போகும். சிறிய எல்லும் 53.5-ல்தான் தொடங்கும். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும். அதனால் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் உள்ள இடைவெளியில் பாதியைவிடக் குறைவாகவே டாலரன்ஸ் இருக்க வேண்டும். ரொம்பவும் இறுக்கினாலும் சிக்கல். நன்றாக இருக்கும் சட்டைகளும் கழிவில் போய், அந்தச் செலவு விலையில் ஏறும்.

எங்கே போகிறது அந்த அளவு?

கறுப்புச் சட்டையின் பாதையைப் பார்க்கலாம். அடுக்கின் அடியில் கத்தி லேசாகச் சாய்ந்ததில், முன்துண்டும் பின்துண்டும் 2 மில்லிமீட்டர் குறுகிவிட்டன. ஓவர்லாக் மெஷின் தைத்துக்கொண்டே ஓரத்தையும் நறுக்கும். டெய்லர் துணியைச் சற்று உள்ளே தள்ளி ஓட்டியதில், இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் வீதம் 4 மில்லிமீட்டர் போனது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சாயம் போடுவதால் துணி சுருங்கும் அளவும் மாறும். கறுப்பு ஒரு சதவீதம் கூடுதலாகச் சுருங்கினால், 52-ல் சுமார் 5 மில்லிமீட்டர்.

இவற்றில் எதுவும் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூன்றையும் கூட்டினால் 11 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதால் அந்தச் சட்டை ரிஜெக்ட். பெரும்பாலும் ஒன்று கூடினால் இன்னொன்று குறையும், கணக்கு நேராகிவிடும். எல்லாமே ஒரே பக்கம் சாயும்போதுதான் சிக்கல். அதனால்தான் பனியன் துணியை ரோலிலிருந்து பிரித்ததும் வெட்டாமல், சில மணி நேரமாவது தளர விடுகிறார்கள். இறுக்கிச் சுற்றிய துணியை உடனே வெட்டினால், வெட்டிய துண்டுகள் பிறகு தாமாகச் சுருங்கும்.

விட்டுக்கொடுக்காத இடங்கள்

எல்லா இடத்துக்கும் ஒரே டாலரன்ஸ் கிடையாது. மார்பிலும் உயரத்திலும் ஒரு சென்டிமீட்டர் விட்டால், கழுத்தில் அதில் பாதியோ இன்னும் குறைவோதான். குழந்தைகள் டி-ஷர்ட்டில் கழுத்தை முழுதாக இழுத்து அளக்கும் அளவு ஒன்று உண்டு. அது தலை நுழைவதற்கான குறைந்தபட்ச அளவு. கூடலாம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது.

இடது கை, வலது கை விஷயமும் அப்படித்தான். தனித்தனியாக இரண்டும் டாலரன்ஸுக்குள் இருந்தாலும், ஒன்று அரை சென்டிமீட்டர் கூடி மற்றொன்று அரை சென்டிமீட்டர் குறைந்தால், சட்டை கோணலாகத் தெரியும். அதனால் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள்.

ஒரு தில்லுமுல்லும் நடப்பதுண்டு. அளவு குறைந்த சட்டையை நீராவி அயர்னில் இழுத்துப் பிடித்துத் தேய்த்தால், டேப்பில் அளவு சரியாக வந்துவிடும். முதல் துவைப்பில் பழையபடி சுருங்கிவிடும். விவரமான செக்கர் இதைக் கண்டுபிடிக்க ஒன்றிரண்டு சட்டைகளைத் துவைத்துக் காயவைத்துதான் அளப்பார்.

வாங்கும்போது என்ன செய்யலாம்?

கடையில் ஒரே சைஸில் இரண்டு மூன்று இருந்தால், மடிப்பைப் பிரித்து அக்குளோடு அக்குள் சேர்த்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். பருத்தி பனியன் துணி துவைத்தால் இன்னும் சற்றுச் சுருங்கும் என்பதால், பெரியதை எடுப்பது நல்லது.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், வீட்டில் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும் டி-ஷர்ட் ஒன்றை விரித்து அளந்துகொள்ளுங்கள். தளத்தின் அளவுப் பட்டியல் சொல்வது உடலின் அளவா, உடுப்பின் அளவா என்பதைப் பார்க்க வேண்டும். உடுப்பின் அளவு என்றால், வரும் சட்டை அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் குறைந்தும் இருக்கலாம். அப்படிக் குறைந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றினால், எம்மை விட்டுவிட்டு எல் எடுத்துக்கொள்ளுங்கள்.