இரண்டு ‘ஓ’ செய்யும் வேலை

ஒரு ஊர்ப் பெயரின் எழுத்துகளை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம்? நம்ம கோலார் தங்கவயலின் உரிகம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து: ஓ, ஓ, ஆர், ஜி, ஏ, யு, எம். முதல் இடத்துக்கு ஏழு வாய்ப்பு, அடுத்ததற்கு ஆறு என்று பெருக்கிக்கொண்டே போனால் 5040 வரும். ஆனால் அந்தக் கணக்கு தப்பு! இரண்டு ‘ஓ’வையும் இடம் மாற்றிப் பாருங்கள், பெயர் அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு அடுக்கையும் இரண்டு தடவை எண்ணிவிட்டோம். அதனால் பாதிதான் சரி, 2520. மூன்று ‘ஓ’ இருந்தால்? அவை தமக்குள் ஆறு விதமாக இடம் மாறும், ஆறால் வகுக்க வேண்டும். இந்த விதியை இரண்டாம் பாஸ்கரர் 1150இலேயே ‘லீலாவதி’ நூலில் சொல்லிவிட்டார்.