உங்கள் விலைப்பட்டியல் அடுத்தவர் கணனியில் எப்படித் தெரிகிறது?

பதுளை, ஹாலி-எல, பசறை, பண்டாரவளைப் பகுதி வர்த்தகர்களில் பலர் இன்று தோட்டங்களுக்கான விலைமனுக்களைக் கணனியில் தயாரித்து மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்புகின்றனர். ஆனால் அனுப்பிய கடிதம் வாங்கியவரின் திரையில் எந்தக் கோலத்தில் திறக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நமது கணனியில் தமிழ் அழகாகத் தெரிவதால் மற்ற இடத்திலும் அப்படியே தெரியும் என்று நினைத்து விடுகிறோம்.

அண்மையில் நமது நகரின் பொருள் விநியோகஸ்தர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, கொழுந்துப் பை, மழை அங்கி ஆகியவற்றின் விலைகளைப் பவர்பொயின்ட்டில் பன்னிரண்டு பக்கங்களாகச் செய்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு தோட்டமொன்றின் காரியாலயத்திற்குப் போனார். துரையும் களஞ்சியப் பொறுப்பாளரும் அமர்ந்திருக்க, அங்குள்ள கணனியில் கோப்பைத் திறந்தபோது "கத்தி 1,250" என்றிருக்க வேண்டிய இடத்தில் இப்படித் தெரிந்தது:

```
fj;jp 1>250
```

கோப்பில் வைரஸ் புகுந்து விட்டதென்றே அங்கிருந்தவர்கள் எண்ணினர். கோப்பில் ஒரு பழுதும் இல்லை. அதில் இருந்தது அப்படியேதான் தெரிந்தது. காரணம் பாமினி என்ற எழுத்துரு.

இலங்கையின் தமிழ் அச்சகங்களும் கடைகளும் நீண்ட காலமாகப் பாவித்துவரும் பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டது. நீங்கள் f என்ற விசையைத் தட்டினால் கோப்பில் f என்றே பதிவாகிறது. பாமினி அதைத் திரையில் "க" என்று வரைகிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத கணனி தன்னிடமுள்ள ஆங்கில எழுத்துருவை எடுத்து, பதிவான f என்பதை f என்றே காட்டுகிறது. சிங்களத்தில் FM Abhaya எழுத்துருவிலும் இதே நிலைமைதான்.

விலையில் வந்த > குறியையும் கவனியுங்கள். பாமினியில் காற்புள்ளி > என்ற குறியின் இடத்தில் உள்ளது. காற்புள்ளியின் சொந்த இடத்திலோ "இ" என்ற எழுத்து இருக்கிறது. ஆகவே எழுத்துரு இல்லாவிட்டால் பொருளின் பெயர் மட்டுமல்ல, விலையும் குழம்புகிறது. வியாபாரத்தில் விலை குழம்பினால் நம்பிக்கையும் குழம்பும்.

இதற்குப் பரிகாரம், எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்புவதாகும். எழுத்துருவைத் தனியாகக் கொடுத்து "இதை நிறுவிக் கொள்ளுங்கள்" என்று சொல்வது பழைய வழக்கம். பல காரியாலயங்களின் கணனிகளில் வெளியார் எதையும் நிறுவ அனுமதி இல்லாததால், அதை நம்பியிருக்க முடியாது.

விண்டோஸ் கணனியில் உள்ள பவர்பொயின்ட்டில் File, அதன்பின் Options, அதன்பின் Save என்று செல்லுங்கள். அப்பக்கத்தின் அடியில் Embed fonts in the file என்ற கட்டம் இருக்கும். அதில் சரி அடையாளம் இட்டதும் இரண்டு தெரிவுகள் திறக்கும். முதலாவது, கோப்பில் பாவித்த எழுத்துகளை மட்டும் பொதிவது. கோப்பின் அளவு சிறிதாக இருக்கும். ஆனால் பெறுபவர் "கத்தி" என்பதை அழித்து வேறு பெயர் எழுத முயன்றால், அதற்குரிய எழுத்து உள்ளே இல்லாமற் போகலாம். இரண்டாவது, Embed all characters, முழு எழுத்துருவையும் பொதிவது. விலையை மற்றவர் திருத்தவும் வேண்டுமாயின் இதையே தெரிவு செய்யுங்கள். பிறகு கோப்பை மீண்டும் சேமிக்க வேண்டும். வேர்டிலும் இதே பாதைதான்.

எல்லா எழுத்துருவும் பொதிய இடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துருவுக்குள்ளும் அதைச் செய்தவர் வைத்த அனுமதி ஒன்று உண்டு. சில எழுத்துருக்களைப் பொதியவே முடியாது. சிலவற்றைப் பொதியலாம், ஆனால் பெறுபவர் பார்க்கவும் அச்சிடவும் மட்டுமே முடியும். சேமிக்கும்போது சில எழுத்துருக்களைப் பொதிய முடியவில்லை என்ற அறிவித்தல் வந்தால், அதைப் படிக்காமல் மூடி விடாதீர்கள். அது இந்த அனுமதியைப் பற்றியதுதான்.

பெறுபவர் திருத்தத் தேவையில்லாத விலைமனு என்றால், அதைப் பீ.டி.எஃப். ஆக அனுப்புவதே சிறந்தது. வேர்டில் Save As சென்று PDF வகையைத் தெரிவு செய்தால், அனுமதியுள்ள எழுத்துருக்கள் பெரும்பாலும் தாமாகவே உள்ளே சேர்ந்து விடும். சேர்ந்ததா என்பதை ஊகிக்க வேண்டாம். அடோப் ரீடரில் கோப்பைத் திறந்து Ctrl+D அழுத்தி, Fonts என்ற பகுதியைப் பாருங்கள். எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் Embedded Subset அல்லது Embedded என்றிருந்தால் உள்ளே இருக்கிறது. அந்தச் சொல் இல்லாவிட்டால், உங்கள் கணனியில் சரியாகத் தெரிந்தாலும் மற்றவரிடம் குழம்பலாம். பாமினி உள்ள உங்கள் கணனி இந்த விடயத்தில் நல்ல சாட்சியல்ல. அது இல்லாத கணனியிலோ கைத்தொலைபேசியிலோ ஒருமுறை திறந்து பார்த்து விட்டு அனுப்புங்கள்.

பொதிவதால் பார்வைக்குரிய குறை தீர்கிறதே தவிர, உள்ளே பதிவானது மாறுவதில்லை. மேற்சொன்ன விநியோகஸ்தர் பிறகு பீ.டி.எஃப். ஆக அனுப்பிய பட்டியல் தோட்டத்தில் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் களஞ்சியப் பொறுப்பாளர் பொருட்களின் பெயர்களைப் பிரதி செய்து தமது கொள்வனவுக் கட்டளையில் ஒட்டியபோது, மீண்டும் fj;jp என்றே விழுந்தது. அந்தப் பீ.டி.எஃப். இல் "கத்தி" என்று தேடினாலும் கிடைக்காது.

இதைத் தீர்க்க யுனிகோட்டில் எழுத வேண்டும். யுனிகோட்டில் "க" என்ற எழுத்து "க" என்றே பதிவாகிறது. விண்டோஸ் 2000 முதல் லதா என்ற யுனிகோட் தமிழ் எழுத்துருவும், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூ.ஐ. என்பதும் விண்டோஸுடன் வந்தவை. குறிப்பிட்ட எழுத்துரு இல்லாவிட்டாலும் கணனி வேறொரு யுனிகோட் எழுத்துருவைக் கொண்டு தமிழையே காட்டும். அப்போது எழுத்துகளின் அகலம் மாறி, ஒரு வரியில் நின்ற பொருளின் பெயர் இரண்டு வரியாகி, விலை நிரல் கீழே இறங்கக்கூடும். ஆகவே யுனிகோட் கோப்பிலும் எழுத்துருவைப் பொதிவது வீண் வேலையல்ல.

பழைய பாமினிப் பட்டியல்களை மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒன்றை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள். பட்டியலில் விலைகளை ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தால், மாற்றும்போது அவற்றின் காற்புள்ளி "இ" ஆகி, 1,250 என்பது "1இ250" என்று வந்து நிற்கும். நமது பத்திரிகைகளிலும் இணையத்திலும் காற்புள்ளி இருக்க வேண்டிய இடங்களில் "இ" முளைத்திருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அது இவ்வாறு வந்ததே. விலை நிரலை விட்டுப் பெயர் நிரலை மட்டும் மாற்றினால் இந்தத் தொல்லை வராது.