பத்தரை மணிக்கு ஒரு கவிதை

துபாய் நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். தஞ்சாவூரில் நள்ளிரவு 12 அடிக்கும்போது அங்கே இரவு பத்தரை. மனைவிக்கு வீடியோவில் சொல்லி அனுப்பும் திருமண நாள் கவிதையை அங்கிருந்தே தொடங்கலாம்:

இங்கே மணி பத்தரை.
உன் வாசலில் நம் நாள் வந்துவிட்டது.
நீ மடித்துத் தந்த சட்டையை
இன்னும் பிரிக்கவில்லை.

‘நிலவே, மலரே’ யாருக்கும் பொருந்தும். இந்தச் சட்டை அவளுக்கு மட்டுமே தெரியும்.

காதால் கேட்கும் கவிதை என்பதால் ஒவ்வொரு வரியும் ஒரே மூச்சில் முடிய வேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் நாக்கு இடறும் சொல் தானாகவே தெரிந்துவிடும், அதை மாற்றிவிடலாம். மடியில் தாளை வைத்து வாசித்தால் கண்கள் தாழ்ந்துவிடும். தாளை கேமராவுக்குச் சற்று மேலே ஒட்டினால், பார்வை அவளை நோக்கியே இருக்கும்.