பிரெஞ்சில் ‘சம்மதம்’ சொல்லும் மின்னஞ்சல்

பிரான்சில் வேலையை ஏற்று எழுதும் மின்னஞ்சல் வெறும் நன்றிக் கடிதம் அல்ல. பதவி, சம்பளம், சேரும் நாள் மூன்றும் தெளிவாக உள்ள முன்மொழிவை ஏற்றால், கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தம் உருவாகிவிடக்கூடும்.

லியோனில் ஒரு பொறியாளர் வேலை என்று வைத்துக்கொள்வோம். தொடக்கம் ‘மதாம்’ என்ற ஒற்றைச் சொல்; பெயர் சேர்ப்பதில்லை. அடுத்த வரியிலேயே சம்மதம். பிறகு விவரம்: காலவரையற்ற ஒப்பந்தம், செப்டம்பர் 1 அன்று சேர்தல், ஆண்டுக்கு 42,000 யூரோ ‘புரூத்’, அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய தொகை. இந்தச் சொல்லை விட்டால், கைக்கு வரும் தொகை என்று யாராவது புரிந்துகொள்வார்கள். இடையே சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். நான்கு மாதத் தகுதிகாண் காலம் பேசப்பட்டிருந்தால் அதையும் எழுதவேண்டும்.

சிக்கல் இங்கேதான். ‘ஏற்கிறேன், ஆனால் 44,000 தாருங்கள்’ என்றால் அது சம்மதம் ஆகாது; சிவில் சட்டத்தின் 1118-ஆம் பிரிவுப்படி அது புதிய முன்மொழிவு. நிறுவனம் மறுக்கலாம். பேரத்தை முன்பே முடித்துவிடுவதே நல்லது. கடைசியில் ஒப்பந்தப் பிரதியைக் கேட்டு, அவர்களுடைய நீண்ட மரியாதை வாக்கியத்தோடு முடிக்கவேண்டும். அது சற்று அலுப்பூட்டும்தான்.