புதியவரைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

அலுவலகத்தில் புதிதாக ஒருவர் சேரும் நாளில், மனிதவளப் பிரிவிலிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போகும். பத்து வரிதான் இருக்கும். அதை எழுதுகிறவரின் மேசையில் புதியவரின் கோப்பு திறந்து கிடக்கும்: ஆதார் நகல், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பி.எஃப். நாமினியின் பெயர், பழைய சம்பளச் சீட்டு. சம்பளம் போடுவதற்காக அவர் கொடுத்த விவரங்கள் இவை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே இவற்றில் சில அறிமுகக் கடிதத்துக்குள் வந்துவிடுகின்றன.

கோவையில் ஒரு பம்ப் ஆலைக்குக் கொள்முதல் மேலாளராக ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் எழுதினால் கடிதம் இப்படி அமையும்:

“மதுரையைச் சொந்த ஊராகக் கொண்ட இவர், பீளமேட்டில் கணவர், இரு குழந்தைகளுடன் வசிக்கிறார். உடல்நலக் காரணத்தால் இரண்டு ஆண்டுகள் ஓய்விலிருந்து மீண்டும் பணிக்கு வரும் இவரை வாழ்த்த, இவரது கைபேசி எண்...”

எழுதியவர் அன்போடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த உடல்நல வரியைப் படித்தவர்கள், அவர் அரைநாள் விடுப்பு எடுத்தாலும் ‘பழைய நோய் திரும்பிவிட்டதோ’ என்று பேசுவார்கள். சொந்த ஊரும் நம் பக்கத்தில் வெறும் ஊர் விசாரிப்போடு நிற்பதில்லை. ‘அங்கே எந்தத் தெரு?’ என்று தொடங்கிச் சாதியில் போய் முடியும். கைபேசி எண் அன்று மாலையே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலாளியின் பெயரில் பொய்ச் செய்தி அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டம் தேடுவதும் இப்படிப்பட்ட எண்களைத்தான்.

இத்தனையும் சொன்ன கடிதம், ஸ்டோர்ஸில் இருப்பவருக்கு வேண்டியதைச் சொல்லவே இல்லை. இனி விலைப்புள்ளிக்கு யார் கையெழுத்து? ஏற்கெனவே போட்ட ஆர்டர்களை யார் பார்ப்பார்? அதையே இப்படி எழுதலாம்:

“திங்கள்கிழமை முதல் இவர் நம் கொள்முதல் மேலாளர். வார்ப்பிரும்பு, செம்புக் கம்பி கொள்முதலில் 11 ஆண்டு அனுபவம் உள்ளவர். புதிய விலைப்புள்ளிகளை இவருக்கு அனுப்புங்கள். இந்த மாத இறுதிவரை பழைய ஆர்டர்களைத் துணை மேலாளரே தொடர்ந்து பார்ப்பார்.”

பின்னணி இதிலும் இருக்கிறது. ஆனால் அது வேலைக்கு உதவும் பின்னணி. இரண்டு ஆண்டு இடைவெளியை மறைக்க எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அனுபவம் எத்தனை ஆண்டு என்று மட்டும் இருக்கிறது. முந்தைய நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பது அவர் விருப்பம். அங்கே எந்த வாடிக்கையாளருக்கு என்ன விலை பேசினார் என்பதை மட்டும் எழுதவே கூடாது. அது அந்த நிறுவனத்தின் ரகசியம்.

சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் விவரங்களைத் தனி ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்த இச்சட்டம் இடம் தருகிறது. பெயரையும் பொறுப்பையும் சக ஊழியர்களுக்குச் சொல்வதை அதில் அடக்கலாம். குழந்தைகள் எத்தனை என்பதை அடக்குவது கடினம். அதற்கு அவரது ஒப்புதல் வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த மின்னஞ்சலைத் திரும்பப் பெற முடியாது. அதனால் அனுப்பும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் ‘இதெல்லாம் போடலாமா?’ என்று நேரில் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். சேர்வதற்குச் சில நாள் முன்பே வரைவை அனுப்பி, ‘வேண்டாததை அடித்துவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டாம்’ என்று எழுதினால்தான் உண்மையான பதில் வரும். பொழுதுபோக்கு, குடும்பம் பற்றியெல்லாம் அவராக எழுதித் தந்தால் சேர்க்கலாம். புகைப்படத்துக்கும், நிறுவனத்தின் லிங்க்ட்இன் பக்கத்தில் போடுவதற்கும் தனித்தனியே கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவிக்கச் சம்மதித்தவர் ஊருக்கே தெரிவிக்கச் சம்மதித்ததாகாது.

பெயரையும் அதே வரைவில் கேட்டுவிடலாம். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் கடைசிப் பெயராக இருந்தால், வெளிமாநில அலுவலகத்தில் இருப்பவர்கள் அந்தப் பெயரிலேயே இவரை அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி போதும்.

வெளியே அனுப்பும் நாளும் முக்கியம். பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் முடியும் முன்பே செய்தி போனால், அங்கே கடைசி நாள்வரை அவருக்குத்தான் சங்கடம். அவர் வந்து சேர்ந்த பிறகு அனுப்புவதே சரி.

கடிதம் பயன்பட்டதா என்பது அடுத்த வாரமே தெரிந்துவிடும். ‘இந்த பில்லை யாருக்கு அனுப்புவது?’ என்று கேட்டு மனிதவளப் பிரிவுக்கு இன்னும் போன் வந்துகொண்டிருந்தால், பொறுப்பைச் சொன்ன வரிகளைத் திருத்தி இன்னொரு முறை அனுப்புவது நல்லது.